காசா, பேட்டரியா? எக்ஸ்-ரேயில் ஓரத்தைப் பாருங்கள்

2019-இல் வந்த புது வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், சில ரிமோட்டுகள், மினுக்கும் பொம்மைகள் ஆகியவற்றில் கிடக்கும் CR2032 பேட்டரியின் விட்டமும் 20 மில்லிமீட்டர்தான். அந்த எண்ணே அதைச் சொல்கிறது: முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டும் தடிமன், அதாவது 3.2 மில்லிமீட்டர். இரண்டும் வட்டம், இரண்டும் வெள்ளை உலோகம். இரண்டு வயதுக் குழந்தையின் தொண்டையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் சிக்கும். ஆனால் சிக்கியது காசு என்றால் டாக்டருக்கு யோசிக்க நேரம் உண்டு. பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயின் சுவர் ஆழமாக வெந்துபோகலாம்.

இப்படி ஒரு மாலையை வைத்துக்கொள்வோம். "ஒத்த ரூபா காசை முழுங்கிட்டான் டாக்டர், இவன் அக்கா பார்த்திருக்கா" என்று ஒரு தாய் இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு வருகிறார். பையனுக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. எச்சில் மட்டும் வழிகிறது, தண்ணீர் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே, இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவில், பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம். அம்மா சொன்னதும் வட்டம், படத்தில் இருப்பதும் வட்டம். கதை பொருந்திவிட்டது, காசு என்று எழுதிவிடத் தோன்றும். நன்றாகப் பழகிய டாக்டர் அந்த இடத்தில் எழுதமாட்டார். வட்டத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, அதன் ஓரத்தைப் பார்ப்பார்.

காசு என்பது ஒரே உலோகத் தகடு. எக்ஸ்-ரே கதிரை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் தடுக்கும். அதனால் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே வெள்ளை. பட்டன் பேட்டரியின் கட்டமைப்பு வேறு. அது ஒரு குட்டிச் சம்புடமும் அதற்குள் பொருந்தும் சற்றே சின்ன மூடியும் போன்றது. சம்புடம் பாசிட்டிவ் முனை, மூடி நெகட்டிவ் முனை. இரண்டும் தொட்டுக்கொண்டால் பேட்டரி செத்துவிடும் என்பதால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக் கதிரைத் தடுப்பதில்லை. ஆகவே முன்பக்கப் படத்தில் விளிம்புக்குச் சற்று உள்ளே, மெல்லிய மங்கலான ஒரு கோடு வட்டமாக ஓடும். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். டாக்டர்கள் இதை இரட்டை வளையம் என்பார்கள். நம் பையனின் படத்தில் அந்தக் கோடு தெரிகிறது.

"அம்மா, வீட்ல ரிமோட்டு, எடை மெஷினு ஏதாவது மூடி கழண்டு கெடந்துச்சா?"

தாய் யோசிக்கிறார். "மெழுகுவத்தி மாதிரி எரியுமே, அந்த விளக்கு... நேத்து கீழே விழுந்து ஒடஞ்சுது."

அடுத்து பக்கவாட்டுப் படம். மூடி சம்புடத்தைவிடச் சின்னது என்பதால், பக்கத்திலிருந்து பார்த்தால் பேட்டரியின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் படி இறங்கியதுபோல் குறுகியும் இருக்கும். காசுக்கு இந்தப் படி கிடையாது. அது வெறும் கோடாகத் தெரியும். அதன் தடிமனும் பேட்டரியின் பாதிக்குக் குறைவு. இந்தப் படி இன்னொரு சேதியையும் சொல்கிறது. குறுகிய பக்கம்தான் நெகட்டிவ் முனை. புண் ஆழமாக விழுவதும் அந்தப் பக்கம்தான்.

அது ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் ரசாயனம் ஒழுகுவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பேட்டரி முழுசாகவே இருக்கும். உணவுக்குழாய் ஈரமான, சுருங்கி ஒட்டியிருக்கும் குழாய். அது பேட்டரியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. எச்சிலும் சதையின் ஈரமும் இரண்டு முனைகளையும் இணைத்துவிட, மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. நெகட்டிவ் முனையருகே தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகிறது. காஸ்டிக் சோடா என்று நாம் சொல்வதும் அதுதான். அமிலம் சுட்டால் சதை கெட்டிப்பட்டு, புண் அதற்குமேல் இறங்குவதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். 3 வோல்ட் என்பது கைக்கு ஒன்றும் செய்யாத அளவு, இங்கே அது போதும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றி வீசிய பேட்டரியிலும் சதையைக் கரைக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். தீர்ந்த பேட்டரி என்று அலட்சியமாக ஜன்னல் மேல் வைப்பது அதனால்தான் தப்பு.

பக்கவாட்டுப் படத்தில் படி முன்னோக்கி இருந்தால், உணவுக்குழாய்க்கு முன்னால் ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாயை நோக்கிப் புண் போகிறது. இன்னும் கீழே சிக்கியிருந்தால் அந்தப் பக்கம் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி இருக்கிறது. படி பின்னோக்கி இருந்தால் முதுகெலும்பு. ஆக, மயக்க மருந்து கொடுத்து எடுக்கப் போகும் டாக்டர் எதற்குத் தயாராகவேண்டும் என்பதை அந்த ஒரு மில்லிமீட்டர் படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இனி, சிக்கும் இடம். உணவுக்குழாய் மூன்று இடங்களில் இயல்பாகவே இடுக்கலாக இருக்கும்: தொண்டை முடிந்து குழாய் தொடங்கும் வாசல், மகாதமனி வளைந்து அழுத்தும் நெஞ்சின் நடுப்பகுதி, வயிற்றுக்குள் நுழையும் கடைசி வாசல். குழந்தைகளிடம் பெரும்பாலானவை முதல் இடத்திலேயே நிற்கும். அதுதான் காறை எலும்புகளுக்கு நடுவே தெரியும் வட்டம்.

உணவுக்குழாயா, மூச்சுக்குழாயா என்பதைக் காசு நிற்கும் திசையை வைத்தே சொல்லலாம் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உணவுக்குழாய் முன்னும் பின்னும் தட்டையானது. அதனால் காசு நம்மை நோக்கி முகம் காட்டி நிற்கும். முன்பக்கப் படத்தில் முழு வட்டம் தெரியும். குரல்வளையின் வாசலோ முன்னும் பின்னுமாக நீண்ட பிளவு. அதற்குள் நுழைந்த காசு ஓரத்தைக் காட்டி, நட்டுவைத்த கோடாகத் தெரியும். விதி நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஒரு ரூபாய் காசு போகும் அளவுக்கு அகலமே இல்லை. உணவுக்குழாயில் ஓரம் காட்டி நின்ற காசுகளையும் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் காற்று நிரம்பிய கறுப்புக் குழாய்க்குள் இருக்கிறதா, அதற்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

இரட்டை வளையமும் ஏமாற்றும். நம் பத்து ரூபாய் நாணயம் இரண்டு உலோகத்தில் ஆனது, உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. படத்தில் அதுவும் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியலாம். ஆனால் அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பெரிய காசும் சின்னக் காசும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிப் போயிருந்தால் பேட்டரியின் படியைப் போலவே இருக்கும். இவை பேட்டரி என்று தவறாக எண்ண வைப்பவை; அதனால் பெரிய நஷ்டமில்லை. மறுபக்கத் தவறுதான் கொடியது. குழந்தை அழுது அசைந்ததில் படம் கலங்கினாலோ, பேட்டரி சாய்ந்து கிடந்தாலோ மங்கல் கோடு மறைந்துவிடும். 1.6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள CR2016 போன்ற மெல்லிய ரகத்தில் படியும் கண்ணுக்குச் சிக்காது. எனவே சந்தேகம் தீராதவரை பேட்டரி என்றே வைத்துக்கொண்டு வேலை நடக்கும்.

உண்மையிலேயே காசுதான், உணவுக்குழாயில் நிற்கிறது, குழந்தைக்குத் தொந்தரவு இல்லை என்றால் 12 முதல் 24 மணி நேரம் வரை காத்திருந்து மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம். சில காசுகள் தானாக இறங்கிவிடும். வயிற்றுக்குப் போய்விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே சில நாட்களில், சமயத்தில் சில வாரங்களில், மலத்தோடு வந்துவிடும். பேட்டரி உணவுக்குழாயில் என்றால் உடனே எடுக்கவேண்டும். குழந்தை எப்போது சாப்பிட்டது என்ற கணக்கு கூட இங்கே இரண்டாம்பட்சம். வயிற்றுக்குப் போன பேட்டரி பெரும்பாலும் தானே வெளியேறும் என்றாலும், சின்னக் குழந்தை, பெரிய பேட்டரி என்றால் போகிற வழியில் நின்று சுட்டுவிட்டுப் போனதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதுண்டு.

நம் வீடுகளில் எது தொண்டையில் சிக்கினாலும் வாழைப்பழமும் சோற்று உருண்டையும் தயாராக வந்துவிடும். வேண்டாம். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டுவதும் வேண்டாம். முழுங்கியது பேட்டரி என்ற சந்தேகம், குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்கிறது, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்தான் ஆகிறது, விழுங்க முடிகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தேன் கொடுக்கலாம்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை. 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் பன்றிக் குட்டிகளில் செய்த ஆய்வில், தேன் பேட்டரியின் மேல் பூச்சாகப் படிந்து காரத்தைக் குறைத்துப் புண்ணை மட்டுப்படுத்தியது. இது புண்ணின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பேட்டரியை எடுத்தே ஆகவேண்டும். தேன் வாங்கக் கடைக்கு ஓடி நேரம் கடத்தக்கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

நம் பையனுக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியாக இடுக்கியை விட்டு பேட்டரியை எடுக்கிறார்கள். அதன் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது. அந்தப் பக்கம் படிந்திருந்த சதையும் கறுத்திருக்கிறது. புண் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு, சில நாட்கள் வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் வைத்திருக்கலாம், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம். பேட்டரி வெளியே வந்த பிறகும் வெந்த சதை நாள் கணக்கில் உதிரும் என்பதால், மூச்சுக்குழாய்க்கு ஓட்டை விழுவதும் மகாதமனியில் ஓட்டை விழுவதும் ஒன்றிரண்டு வாரம் கழித்து, மூன்று நான்கு வாரம் கழித்துக்கூட நடந்திருக்கிறது. சாப்பிடும்போது இருமல், குரல் கம்முதல், வாயில் ஒரு துளி ரத்தம், கறுப்பாக மலம் என்று எது தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரவு டியூட்டியில் புது டாக்டர் இருந்தால், இந்த மாதம் இவன் தொண்டையிலிருந்து பேட்டரி எடுத்தார்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். கையில் அந்த எக்ஸ்-ரே படமும் டிஸ்சார்ஜ் சீட்டும் இருப்பது நல்லது.