இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஏஐ படிப்பது எதை?

"இதைப் பாருங்க, போன காலாண்டைவிட இங்க நல்லாவே குறைஞ்சிருக்கு." ஸ்லைடு காட்டிப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு எது குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் வீடியோவை ஓர் ஏஐ கருவியிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்டால், பல கருவிகளுக்குப் போய்ச் சேர்வது இந்த வாக்கியம் மட்டும்தான். "இங்க" என்பது எந்தக் கட்டம் என்று அதற்குத் தெரியாது. சுருக்கத்தில் "செலவு குறைந்துள்ளது" என்று வரும். உண்மையில் குறைந்தது வருமானமாக இருந்திருக்கலாம்.

இரண்டு மணி நேர பட்ஜெட் கூட்டம் ஒன்று ஜூமில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் பதிவு செய்திருந்தால் அந்த ஃபோல்டரில் வழக்கமாக ஒரு `.mp4` வீடியோவும், ஒலி மட்டும் உள்ள ஒரு `.m4a` ஃபைலும் இருக்கும். சாட்டில் பேசியதைச் சேமித்திருந்தால் அது தனியாக ஒரு `.txt` ஃபைல். கிளவுடில் பதிவு செய்து டிரான்ஸ்கிரிப்ட் வசதியையும் போட்டிருந்தால் `.vtt` என்று இன்னொன்றும் கிடைக்கும். எழுத்தைப் படிக்கும் கருவிக்கு நேரடியாகப் புரிவது கடைசி இரண்டும்தான். `.vtt` ஃபைலைத் திறந்தால் இப்படி இருக்கும்:

```
00:41:07.200 --> 00:41:12.800
இதைப் பாருங்க, போன காலாண்டைவிட இங்க நல்லாவே குறைஞ்சிருக்கு.
```

அந்த முதல் வரி, அதாவது நேரக் குறிப்பு, பின்னால் மிகவும் பயன்படப்போகிறது. சுருக்கம் கேட்பதற்கு முன்னால் இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது.

டிரான்ஸ்கிரிப்ட் கையில் இல்லையென்றால் ஒலியிலிருந்து எடுக்க வேண்டும். முதல் அளவுச் சிக்கல் இங்கேதான் வரும். பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐ சேவை ஒரு ஃபைலுக்கு 25 எம்.பி. வரைதான் ஏற்கும். இரண்டு மணி நேர வீடியோ சில நூறு எம்.பி. இருக்கும். அதில் பெரும்பகுதி படம். பேச்சை எழுத்தாக்க அது தேவையே இல்லை. `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் படத்தைக் கழற்றிவிடலாம்:

```
ffmpeg -i meeting.mp4 -vn -ac 1 -ar 16000 -b:a 24k meeting.mp3
```

கடைசியில் உள்ள 24k என்பது வினாடிக்கு 24 கிலோபிட். அப்படியானால் மணிக்கு 10.8 எம்.பி., இரண்டு மணி நேரத்துக்கு 21.6 எம்.பி. வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. 32k என்று போட்டிருந்தால் 28.8 எம்.பி. ஆகித் தாண்டியிருக்கும். பாட்டுக்கு இந்தத் தரம் போதாது, தெளிவான பேச்சுக்குப் போதும். கூட்டம் இன்னும் நீளம் என்றால் ஒலியைத் துண்டாக வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டாவது துண்டின் டிரான்ஸ்கிரிப்ட் மறுபடி 00:00:00 என்று தொடங்கும். முதல் துண்டின் நீளத்தை அதன் எல்லா நேரங்களோடும் கூட்டாவிட்டால், கூட்டத்தின் பின்பாதி முழுவதும் தப்பான ஸ்லைடோடு போய்ச் சேரும்.

எழுத்தான பேச்சையும் அப்படியே நம்ப முடியாது. நம் அலுவலகங்களில் தமிழில் பேசினாலும் தொகையை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். "ஃபிஃப்டீன் லேக்ஸ்" என்பது "ஃபிஃப்டி லேக்ஸ்" என்று எழுதப்பட்டால் பதினைந்து லட்சம் ஐம்பது லட்சமாகிவிடும், வாக்கியத்தைப் படித்தால் தவறு இருப்பதே தெரியாது. 2022-இல் வெளியான விஸ்பர் போன்ற மாடல்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. யாரும் பேசாத இடைவெளியில், யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதிவிடும். ஒரே வரி ஏழெட்டு முறை அடுத்தடுத்து வந்திருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். பேசியது யார் என்பதிலும் கவனம் வேண்டும். ஜூம் டிரான்ஸ்கிரிப்டில் பெயர் வரும்தான், ஆனால் ஓர் அறையில் ஐந்து பேர் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஐவர் பேச்சும் அந்த லேப்டாப்பின் பெயரிலேயே பதிவாகும்.

வீடியோவையே பார்க்கக்கூடிய கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்திருக்கின்றன, ஆனால் அவையும் நம்மைப்போலத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. ஜெமினி 2.0 ஃபிளாஷை எடுத்துக்கொள்வோம். அது வினாடிக்கு ஒரு படம் மட்டும் எடுத்துப் பார்க்கும். ஒரு படத்துக்கு 258 டோக்கன், ஒரு வினாடி ஒலிக்கு 32 டோக்கன் என்பது கூகுள் கொடுத்த கணக்கு. டோக்கன் என்பது கருவி படிக்கும் சிறு துண்டு. ஒரே சமயத்தில் இத்தனை டோக்கன்தான் என்று ஒவ்வொரு கருவிக்கும் வரம்பு உண்டு. நம் கூட்டத்தில் 7,200 வினாடிகள். வினாடிக்கு 290 என்றால் கிட்டத்தட்ட 21 லட்சம் டோக்கன். அந்த மாடலின் வரம்போ 10 லட்சம் சொச்சம்தான். படத்தின் தெளிவைக் குறைத்தால் ஒரு படத்துக்கு 66 டோக்கன் போதும், மொத்தம் சுமார் 7 லட்சத்தில் முடியும். ஆனால் அந்தத் தெளிவில் பட்ஜெட் அட்டவணையின் பொடி எண்கள் சரியாகப் படிக்கப்படும் என்று நம்ப முடியாது. நமக்கு வேண்டியதோ அந்த எண்கள்தான். ஒலி மட்டும் என்றால் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டோக்கன். பத்து நிமிடம் அசையாமல் நிற்கிற ஒரு ஸ்லைடை அறுநூறு முறை பார்க்க வைப்பதில்தான் இடமெல்லாம் போகிறது.

ஆகவே ஸ்லைடுகளைத் தனியாகக் கொடுப்பதே சரியான வழி என்பது என் கருத்து. பேசியவரிடம் `.pptx` ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, அட்டவணையில் எந்த எண் எந்தக் கட்டத்தில் என்பதும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வீடியோவில் ஸ்லைடு மாறும் இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளிடம் கொடுக்கலாம். `Tesseract` தமிழும் படிக்கும். ஆனால் அட்டவணையில் ஒரு நெடுவரிசை எண் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடும் அபாயம் உண்டு. படித்து வந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஸ்லைடின் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் எங்கோ தாவியிருக்கிறது. வெறும் பட்டை வரைபடம் என்றால் பட்டைகளின் பெயர்கள் வரும், உயரம் வராது.

பிறகு ஒவ்வொரு ஸ்லைடும் திரையில் தோன்றிய நேரத்தை அதன் தலையில் எழுதி, டிரான்ஸ்கிரிப்டில் அதே நேரத்தில் செருகிவிட வேண்டும். 00:39:50-க்கு "ஸ்லைடு 14: மண்டலவாரி வருமானம்" என்று வந்து, அடுத்த ஸ்லைடு 00:44:00-க்குத்தான் வருகிறதென்றால், 00:41:07-இல் "இங்க குறைஞ்சிருக்கு" என்று சொன்னது வருமானத்தைப் பற்றி என்பது எழுத்திலேயே வந்துவிடும். அழிக்க வேண்டாம் என்று சொன்ன நேரக் குறிப்பு இதற்குத்தான். எந்த மண்டலம் என்பது மட்டும் மவுஸ் போன இடத்தில் இருக்கிறது. அதை அந்த நிமிடத்தை ஓட்டிப் பார்த்து நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

சாட் ஃபைலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "சம்மதம்னா சாட்ல போடுங்க" என்று தலைவர் கேட்டு, எல்லோரும் சாட்டில் "ஓகே" போட்டு நிறைவேறிய தீர்மானம் ஒலியில் இருக்காது. கையைத் தூக்கிக் காட்டியது, தலையாட்டியது எந்த ஃபைலிலும் எழுத்தாக இல்லை.

சுருக்கம் வந்தபின் முதலில் கடைசிப் பத்து நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். சில கருவிகள் வரம்பைத் தாண்டிய பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. யார் எதை எப்போது முடிப்பது என்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகும். ஒவ்வொரு முடிவுக்கும் தொகைக்கும் பக்கத்தில் டிரான்ஸ்கிரிப்ட் நேரத்தைக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்துக்கு வீடியோவை நகர்த்தி, பதினைந்து லட்சமா ஐம்பது லட்சமா என்று காதால் கேட்ட பிறகு மினிட்ஸில் ஏற்றுங்கள்.