சிங்கப்பூரில் மகன், ஸ்ரீரங்கத்தில் அப்பா: வங்கிக்கு 'பவர்' கொடுப்பது எப்படி?

திருச்சி:- திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் இருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களுடைய வங்கி வேலைகளை ஊரில் இருக்கும் அப்பாவோ, மனைவியோ, தம்பியோதான் பார்க்கிறார்கள். "ஏ.டி.எம். கார்டும் ரகசிய நம்பரும் வீட்டுல இருக்கே, அப்புறம் எதுக்கு பவர்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ரகசிய நம்பரை அடுத்தவரிடம் கொடுத்தது தெரிந்தால், பணம் பறிபோகும்போது வங்கி பொறுப்பேற்காது.

முதலில் கணக்கைப் பாருங்க

ஸ்ரீரங்கத்து வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது. அவருடைய பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே இருந்தால், அதை வங்கியில் சொல்லி 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்க 'என்.ஆர்.இ.' கணக்கு தனியாகத் தொடங்கலாம். அந்தக் கணக்கை மகன்தான் தொடங்க வேண்டும். பவர் வாங்கிய அப்பா அவர் சார்பில் தொடங்க முடியாது.

இரண்டு வழி

ஒரே ஒரு கணக்கில் செக் போடுவது, தவணை கட்டுவது மட்டும்தான் வேலை என்றால், வங்கியே அச்சடித்து வைத்திருக்கும் அதிகாரம் அளிக்கும் படிவம் பெரும்பாலும் போதும். மகன் லீவில் வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், அதிகாரி முன்னாலேயே இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

கடன், டெபாசிட் என்று பல வேலை இருந்தால் 'பவர் ஆப் அட்டர்னி' பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே எழுதினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு சான்று பெற வேண்டும். சிங்கப்பூர் என்றால் இந்திய ஹை கமிஷன்.

3 மாதம் கெடு

அசல் பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. 1899-ம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுகலாம். பத்திரம் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு கூரியர் கவரை பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

வங்கி என்ன கேட்கும்?

அசல் பத்திரம், அதன் சான்றளித்த நகல், அப்பாவின் போட்டோ, பான் கார்டு, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். அப்பாவின் மாதிரிக் கையெழுத்தை மகன் உறுதி செய்து தர வேண்டும். மகனின் பாஸ்போர்ட், விசா நகலும் தேவை. மகனுக்கு போன் அல்லது இ-மெயில் மூலம் வங்கி உறுதி கேட்பதும் உண்டு. வங்கியில் இருக்கும் மகனின் கையெழுத்தும் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் மனு திரும்பிவிடும்.

பத்திரத்தில் "வங்கி வேலை எல்லாம்" என்று மொத்தமாக எழுதினால் இழுபறிதான். கணக்கு எண், செக் போடுவது, பணம் எடுப்பது, தவணை கட்டுவது, டெபாசிட் புதுப்பிப்பது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எழுதாத வேலையை வங்கி செய்யாது.

எழுதினாலும் முடியாதவை

சில வேலைகளை பத்திரத்தில் எழுதி வைத்திருந்தாலும் அப்பாவால் செய்ய முடியாது. 2016-ம் ஆண்டு அந்நியச் செலாவணி டெபாசிட் விதிமுறைகள்படி, பவர் வாங்கியவர் என்.ஆர்.இ. கணக்கில் இருந்து உள்ளூர் செலவுக்குப் பணம் எடுக்கலாம். கணக்குக்காரருக்கே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வேறு யாருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னொரு என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்ற முடியாது. கணக்குக்காரர் சார்பில் உள்ளூரில் இருப்பவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கவும் முடியாது.

தங்கச்சி கல்யாணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டப வாடகைக்கு அப்பா செக் போடலாம். அது உள்ளூர் செலவு. ஆனால் "அண்ணன் சீர்" என்று தங்கச்சி பெயருக்கு 2 லட்சம் மாற்ற முடியாது. அந்தத் தொகையை மகனே நெட் பேங்கிங்கில் நேரடியாக அனுப்பிவிட்டால் பிரச்சினை இல்லை.

எப்போது முடியும்?

பவரை ரத்து செய்ய நினைத்தால் உறவினரிடம் சொன்னால் மட்டும் போதாது. வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்க வேண்டும்.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றோடு முடிந்துவிடும். அதன்பின் பழைய பவரைக் காட்டிப் பணம் எடுத்தால் வாரிசுகளிடையே வழக்கு வரை போய்விடும். ஆகவே பவர் கொடுக்கும் அன்றே, அந்தக் கணக்குக்கு நாமினி பெயரையும் பதிவு செய்துவிட வேண்டும்.