பழைய கன்சல்டன்ட்டிடம் மீண்டும் வேலை விசாரிக்கும்போது

நிறுவனங்கள் தமக்கு வேண்டிய இடைநிலை, மேல்நிலைப் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் பொறுப்பை வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவரை ஹெட்ஹண்டர் என்றும், தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் கன்சல்டன்ட் என்றும் குறிப்பிடுகின்றனர். ஒருமுறை கன்சல்டன்ட் வழியாக வேலையில் சேர்ந்தவர்களும், நேர்காணல் வரை சென்று திரும்பியவர்களும், சில ஆண்டுகள் கழித்து அவரையே அணுகித் தமக்கேற்ற இடம் ஏதும் வந்துள்ளதா என விசாரிப்பது இயல்பானதே. ஆனால் அவர்களுள் பலர், பழகிய மனிதர் என்ற நம்பிக்கையில், கன்சல்டன்ட்டைத் தம் பக்கத்து ஆளாகவே எண்ணிவிடுகின்றனர். அவருக்குக் கட்டணம் தருவது ஆள் கேட்கும் நிறுவனம். எனவே அவர் நிறுவனத்தின் பக்கத்து ஆள். இந்த விசாரிப்பில் எழும் ஆபத்துகளும் உரிமைகளும் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

இந்தியாவில் இத்தொழிலில் பரவலாக வழங்கும் கட்டணம், சேர்க்கப்படுபவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் ஊதியமுள்ள ஒருவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்ட்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கிடைக்கும். அவர் சேராவிட்டால் எதுவும் கிடைக்காது. ஆகவே கன்சல்டன்ட்டின் வேலை, நிறுவனம் தரும் காலியிட விவரத்திலிருந்து தொடங்கி ஆளை நோக்கிச் செல்கிறதே தவிர, ஆளிடமிருந்து தொடங்கிக் காலியிடத்தை நோக்கிச் செல்வதில்லை. “ஏதாவது இருக்கிறதா?” என்று மட்டும் கேட்கும் குறுஞ்செய்திக்குப் பதில் வராமற்போவது அவமதிப்பு அல்ல, அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்க அவரிடம் அன்று காலியிடம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். பதவிப் பெயர், ஊர், இப்போதைய ஊதியம், நோட்டீஸ் காலம் ஆகியவற்றைக் கொண்டே அவர் தம் கணினிப் பட்டியலில் தேடுவதால், அந்த விவரங்கள் பழையனவாக இருந்தால் பொருத்தமான இடம் வந்தபோதும் அந்தப் பெயர் தேடலில் அகப்படாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டாக விரித்துக் காணலாம். ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் கொள்முதல் மேலாளராக இருப்பவர், 2022-இல் ஒரு கன்சல்டன்ட் வழியாக அந்த ஆலையில் சேர்ந்தவர், மூன்று ஆண்டுகளாக அவருடன் தொடர்பே இல்லாதிருந்து இப்போது விசாரிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். கன்சல்டன்ட்டின் பட்டியலில் அவருடைய 2022-ஆம் ஆண்டு ஊதியமும் அன்றைய முகவரியுமே இருக்கும். அதைவிட முக்கியமான செய்தி, அவர் இப்போது பணியாற்றும் ஆலையே அந்தக் கன்சல்டன்ட்டுக்குக் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் என்பது.

தாம் சேர்த்துவிட்ட ஆளைத் தாமே வெளியே இழுப்பதில்லை என்று கன்சல்டன்ட் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்திலோ வழக்கத்திலோ வாக்களித்திருப்பதுண்டு. வாடிக்கையாளரின் பிற ஊழியர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட காலம் வரை இந்தத் தடை நீளக்கூடும். அப்படியானால் அந்த மேலாளருக்கு அவரால் உதவ இயலாது. இயலாது என்பதை வெளிப்படையாகச் சொல்லாமலும் இருந்துவிடலாம். இதனினும் கொடியது, ‘உங்கள் கொள்முதல் மேலாளர் வேறு இடம் பார்க்கிறார், மாற்று ஆள் வேண்டுமா?’ என்ற செய்தி ஆலையின் மனிதவளப் பிரிவுக்குப் போய்விடுவது. தொழில் ஒழுக்கமுள்ள கன்சல்டன்ட் இதனைச் செய்யமாட்டார். ஆனாலும் ஒருமுறை கசிந்தபின், பதவி உயர்வும் ஊதிய உயர்வும் தள்ளிப்போனதற்கு அந்தக் கசிவே காரணம் என்று சட்டத்தின் முன் நிறுவுவது மிகக் கடினம் என்பதால், இங்கு பரிகாரத்தைவிட முன்னெச்சரிக்கையே பயன் தருகிறது.

அந்த முன்னெச்சரிக்கை, ரெஸ்யூமேயை இணைக்காமல் முதற்கடிதத்தை எழுதுவதாகும். அலுவலக மின்னஞ்சலிலிருந்து எழுதாமல் சொந்த முகவரியிலிருந்து எழுதவேண்டும் என்பதும் இதில் அடங்கும். அந்த மேலாளரின் கடிதம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

“வணக்கம் சார். 2022-இல் தங்கள் வழியாகக் கொள்முதல் பிரிவில் சேர்ந்தேன். இப்போது மேலாளராக இருக்கிறேன். 12 பேர் கொண்ட குழு, வார்ப்பு, உலோகத்தகடு ஆகிய இரண்டு பொருள் வகைகள் என் பொறுப்பு. நோட்டீஸ் காலம் 60 நாள். சென்னை, ஓசூர் இரண்டும் எனக்குச் சம்மதம். இந்த நிலையில் இடம் வந்துள்ளதா என்று அறிய விரும்புகிறேன். நான் இருக்கும் நிறுவனம் இன்னும் தங்கள் வாடிக்கையாளரா என்பதை முதலில் தெரிவித்தால் நன்று. இந்த விசாரிப்பை யாருக்கும் தெரிவிக்கவேண்டாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என் எழுத்துச் சம்மதம் பெற்ற பின்னரே என் விவரத்தை அனுப்புங்கள்.”

இக்கடிதத்தில் கன்சல்டன்ட் தேடலுக்குப் பயன்படுத்தும் செய்திகள் பலவும் உள்ளன. ஊதியம் மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது, ஏனெனில் அதை முதலில் சொல்பவரின் பேரம் அந்த எண்ணிலேயே கட்டுண்டுவிடுகிறது. கடைசி மூன்று வாக்கியங்களுக்கு வரும் பதிலே இனித் தொடரலாமா என்பதைக் காட்டும் அளவுகோல். வாடிக்கையாளரா என்ற கேள்விக்கு நேரான பதில் தராமல், “முதலில் ரெஸ்யூமே அனுப்புங்கள், பார்க்கலாம்” என்று மட்டும் ஒருவர் எழுதினால், அவரைத் தவிர்ப்பதே நல்லது.

கடிதம் அனுப்பும் முன் அது சரியான மனிதருக்குத்தான் போகிறதா என்று உறுதிசெய்வதும் நெடுநாள் இடைவெளியின் காரணமாகவே தேவைப்படுகிறது. கன்சல்டன்ட்டுகள் அடிக்கடி நிறுவனம் மாறுகின்றனர். அவர்கள் பயன்படுத்திய கைப்பேசி எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். பழைய பெயரையும் படத்தையும் வைத்து வாட்ஸ்அப்பில் ஏமாற்றுபவர்களும் உள்ளனர். பழைய எண்ணுக்கு நேரே செய்தி அனுப்பாமல், அந்த நிறுவனத்தின் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்து அவர் இன்னும் அங்குப் பணியாற்றுகிறாரா என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அவர் வேறிடம் சென்றிருந்தால், முன்பு கொடுத்த ரெஸ்யூமே பழைய நிறுவனத்திடமே இருக்கும் என்பதையும், அதை அவர் தம் கைப்பேசியில் எடுத்துச் சென்றிருந்தால் அதற்குப் புதிய சம்மதம் தேவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எழுத்துச் சம்மதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இரட்டைச் சமர்ப்பிப்பு என்னும் சிக்கலை அறிந்தால் விளங்கும். ஒரே ஆளின் ரெஸ்யூமேயை இரண்டு கன்சல்டன்ட்டுகள் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும் என்பதால், நிறுவனம் அந்த விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடக்கூடும். முதலில் அனுப்பியவருக்கே உரிமை என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கிறது. எடுத்துக்காட்டிலுள்ள மேலாளரின் பெயரை 2022-இல் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தாலும் அந்தக் காலம் இப்போது முடிந்திருக்கும். ஆனால் பழைய கன்சல்டன்ட், புதிய கடிதத்தைக் கண்டதும் தம் பட்டியலிலுள்ள பழைய ரெஸ்யூமேயை நான்கைந்து இடங்களுக்கு அனுப்பி வைத்தால் அந்தக் காலக்கெடு புதிதாகத் தொடங்கிவிடும். அதன்பின் மேலாளர் அதே நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பித்தாலும் தட்டிக்கழிக்கப்படலாம். காரணம் அவருக்குத் தெரியவே தெரியாது. இது விண்ணப்பதாரருக்கு இழைக்கப்படும் உண்மையான அநீதி. இதைத் தடுக்க, எந்தெந்த நிறுவனங்களுக்குச் சம்மதம் தரப்பட்டது, எந்தத் தேதியில் என்பதை ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கவேண்டும்.

அடுத்தது பணம். நிறுவனமே கட்டணம் செலுத்துவதால், இந்தியாவுக்குள் உள்ள இத்தகைய பதவிக்கு விண்ணப்பதாரரிடம் பதிவுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், திரும்பத் தரப்படும் முன்பணம் என எந்தப் பெயரில் பணம் கேட்கப்பட்டாலும் அதை மோசடியின் அறிகுறியாகவே கொள்ளவேண்டும். வெளிநாட்டு வேலை என்றால் நிலை வேறு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவுச் சான்று பெற்றிருக்கவேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. மட்டுமே, அதற்கும் ரசீது தரவேண்டும். பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். உள்நாட்டு வேலைக்கு ஆள் தேடி வந்த பழைய கன்சல்டன்ட் திடீரென்று துபாயில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னால், இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் கடவுச்சீட்டு நகலைக்கூடத் தரக்கூடாது.

பணம் கொடுத்து ஏமாந்தவர் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். பணம் எதிராளியின் கணக்கைவிட்டு வெளியேறும் முன் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்திலேயே உள்ளது. அதன்பின் cybercrime.gov.in தளத்திலும் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. கட்டணம் செலுத்தியவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. அங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லவேண்டும். ஆனால் எந்தக் கட்டணமும் தராதவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கருதாது என்பதால், இலவசமாக உதவிய கன்சல்டன்ட்டின் அலட்சியத்துக்கு அந்த வழி பயன்படாது.

அந்த அலட்சியத்தின் பெரும்பகுதி தனிநபர் தரவு தொடர்பானது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் விவரம் யார் யாரிடம் பகிரப்பட்டது என்று கேட்டறியவும், தவறானதைத் திருத்தவும், சம்மதத்தைத் திரும்பப் பெற்று விவரத்தை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எனினும் இந்த உரிமைகளுக்கு ஈடான கடமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை சட்டத்தின் கை நீளாது என்றாலும், எழுத்துக் கோரிக்கைக்குத் தடை ஏதுமில்லை. எடுத்துக்காட்டிலுள்ள மேலாளர், பழைய கன்சல்டன்ட் நிறுவனத்தின் பொது முகவரிக்கு, 2022-இல் தாம் தந்த ரெஸ்யூமே, ஊதியச் சீட்டுகள் ஆகியவற்றை நீக்கிப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளுமாறும், இந்த ஓராண்டில் தம் பெயர் எந்த நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டது என்று பட்டியல் தருமாறும் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். பதில் வந்தால், அவர் நேரடியாக விண்ணப்பிக்கக்கூடாத நிறுவனங்கள் எவை என்பது அதிலேயே தெரிந்துவிடும். வராவிட்டாலும், தேதியுடன் கூடிய அந்த மின்னஞ்சல் பின்னாளில் எழும் புகாருக்கு முதல் சான்றாகும்.