சுற்றுகிற ஃபேனில் தூசி எப்படி ஒட்டுகிறது?
இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடேயே நகர்வதால், அங்கே படிந்த துகளைக் காற்று அடித்துச் செல்வதில்லை. காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில்தான் அழுக்கு அதிகம்.

பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் உப்புத் துகளும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். காய்ந்ததும் தூசியோடு சேர்ந்து பக்காக இறுகும். ஒட்டடைக் குச்சியால் தட்டினால் மேல்தூசி கட்டிலில், பக்கு மட்டும் ஃபேனிலேயே!

சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, மேல்புறத்தையும் அடிப்புறத்தையும் சேர்த்துப் பிடித்தபடி நுனி நோக்கி இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். இறக்கையைக் கீழே அழுத்தாதீர்கள்; வளைந்தால் ஃபேன் ஆடும். மிஞ்சிய பக்கை, நன்றாகப் பிழிந்த ஈரத்துணி கரைத்துவிடும். உயரமான அலமாரித் தட்டுக்கும் அதே ஈரத்துணிதான்: பின்னிருந்து முன்னோக்கி, ஒரே இழுப்பு.