வென் படத்தின் பகுதிகளில் உறுப்புகளை எண்ணுதல்

வென் படத்தின் பகுதிகளில் உறுப்புகளை எண்ணுதல் என்பது, ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாக வரையப்பட்ட கணங்களின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று கண்டறியும் முறையாகும். இவ்வகைப் படத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வென் 1880இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பின் 'கண மொழி' இயலில் இது இடம்பெறுகிறது. கணக்கெடுப்பு தொடர்பான வினாக்களுக்கு விடை காண இம்முறை பயன்படுகிறது.

## எடுத்துக்காட்டு

வடசென்னையின் மணலி புதுநகரில் 100 வீடுகளில் தண்ணீர் பற்றிக் கணக்கெடுத்ததாகக் கொள்வோம். (எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.) குழாய்த் தண்ணீர் பெறும் வீடுகள் A, லாரித் தண்ணீர் பெறும் வீடுகள் B, கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் C எனலாம்.

```
n(A) = 64   n(B) = 51   n(C) = 55
n(A∩B) = 32   n(B∩C) = 29   n(A∩C) = 38
n(A∩B∩C) = 20
```

## பகுதிகளை நிரப்பும் வரிசை

எப்போதும் நடுப்பகுதியில் தொடங்கி வெளிநோக்கிச் செல்ல வேண்டும். மூன்று வட்டங்களுக்கும் பொதுவான நடுப்பகுதியில் 20 எழுதப்படுகிறது. குழாயும் லாரியும் உள்ள 32 வீடுகளில் இந்த 20 வீடுகளும் அடங்கும். ஆகவே கேன் இல்லாமல் அவ்விரண்டை மட்டும் கொண்டவை 32 − 20 = 12. இதேபோல் லாரியும் கேனும் மட்டும் 9, குழாயும் கேனும் மட்டும் 18.

பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் எஞ்சியதைக் காணலாம். குழாய் மட்டும்: 64 − (12 + 18 + 20) = 14. லாரி மட்டும்: 51 − (12 + 9 + 20) = 10. கேன் மட்டும்: 55 − (9 + 18 + 20) = 8. வட்டங்களுக்குள் உள்ள ஏழு பகுதிகளின் கூடுதல் 91. எஞ்சிய 9 வீடுகள் வட்டங்களுக்கு வெளியே, செவ்வகத்துக்குள் இருக்கும்.

## சேர்த்தல்-விலக்கல் கொள்கை

91 என்ற விடையைப் படமின்றியும் பெறலாம்.

```
n(A∪B∪C) = n(A) + n(B) + n(C)
         − n(A∩B) − n(B∩C) − n(A∩C)
         + n(A∩B∩C)
= 170 − 99 + 20 = 91
```

கடைசியில் 20 கூட்டப்படுவதன் காரணம் எளியது. மூன்று வகைத் தண்ணீரும் பெறும் ஒரு வீடு முதல் வரியில் மூன்று முறை எண்ணப்படுகிறது. இரண்டாம் வரியில் அதே வீடு மூன்று முறை கழிக்கப்படுவதால், கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. அதை ஒரு முறை மீண்டும் சேர்க்க வேண்டும்.

## ஸ்கிரீன்ஷாட்டைப் படிக்கையில் நேரும் பிழை

வினா, வென் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டாகத் தரப்படும்போது, அதில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பகுதிக்குள் எழுதப்பட்ட எண் பொதுவாக அப்பகுதிக்கு மட்டும் உரியது. வட்டத்துக்கு வெளியே பெயரோடு எழுதப்பட்ட எண் பெரும்பாலும் முழு வட்டத்துக்கு உரியது.

32, 38 ஆகியவற்றை அப்படியே இரட்டைப் பகுதிகளில் எழுதிவிட்டால், குழாய் மட்டும் பெறும் வீடுகள் 64 − (32 + 38 + 20) = −26 என்று வரும். வீடுகளின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது. எனவே நடுப்பகுதி கழிக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பிழைகளும் இவ்வாறு வெளிப்படுவதில்லை. ஆகவே எட்டுப் பகுதிகளின் கூடுதலும் மொத்தமான 100க்குச் சமமாகிறதா என்று பார்ப்பது நல்லது. செவ்வகமும் மொத்த எண்ணும் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டில், வெளியே உள்ள 9ஐக் கண்டறிய வழியில்லை.

## வினாவின் சொற்கள்

ஒரு நாள் லாரி வராவிட்டால், மற்ற இரண்டு வகைத் தண்ணீரும் இல்லாமல் தவிக்கும் வீடுகள் எத்தனை என்றால், விடை 'லாரி மட்டும்' பகுதியில் உள்ள 10. லாரித் தண்ணீர் பெறும் வீடுகள் எத்தனை என்றால் விடை 51. முதல் வினாவுக்கு 51 என்று எழுதினால், மாற்று வழி உள்ள 41 வீடுகளும் தவறாகச் சேர்ந்துவிடும்.

'சரியாக இரண்டு' என்றால் 12 + 9 + 18 = 39. 'குறைந்தது இரண்டு' என்றால் நடுப்பகுதியும் சேர்ந்து 59.

## வரம்பு

நடுப்பகுதியின் எண் தரப்படாமல் மற்ற ஆறு எண்களும் மொத்தமும் மட்டும் இருந்தால், ஒரே விடை கிடைக்காது. அதை t எனக் கொண்டால், குழாய் மட்டும் t − 6, லாரி மட்டும் t − 10, கேன் மட்டும் t − 12 ஆகும். இவை குறை எண்ணாகாமல் இருக்க t குறைந்தது 12 ஆக வேண்டும். லாரியும் கேனும் உள்ளவை 29 என்பதால் t அதற்கு மேல் போகாது. ஆகவே t 12 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். சரியான மதிப்பை அறிய, மூன்றையும் பெறும் வீடுகளைக் கணக்கெடுப்பின்போதே தனியே எண்ணியிருக்க வேண்டும்.