‘இனி தவறு நடக்காது’ என்று எழுதாதீர்கள்

நியூஜெர்சியில் ஓர் எலும்பு சிகிச்சை கிளினிக்கில் மெடிக்கல் கோடராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது முறையாக ஆடிட் ரிப்போர்ட் வந்தது. பார்த்த 40 சார்ட்டுகளில் 14 தவறு. முந்தைய இரண்டு ரிப்போர்ட்டுகளும் ஏறக்குறைய இதே கதைதான். “அடுத்த மாசம் கவனமா இருப்பேன்” என்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மூன்றாம் முறை அதையே சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

அன்றிரவு ஒரு கடிதம் எழுதினேன். பே ஏரியாவில் இருக்கும் என் தோழிக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவளும் இதே தொழில்தான்.

“ஏண்டி, இதுல அஞ்சு ‘சாரி’ இருக்கு. என்ன தப்பு பண்ணினேன்னு ஒரு வரி கூட இல்லையே? அவங்க இதைப் படிச்சிட்டு என்ன செய்யணும்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு 14 தவறுகளையும் ஒரு தாளில் எழுதிப் பிரித்தேன். 11 தவறுகள் ஒரே வகை. எலும்பு முறிவுக்கான கோடின் ஏழாவது எழுத்து!

A-யா, D-யா?

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பது ICD-10-CM. வலது மணிக்கட்டுக்கு அருகே எலும்பு முறிந்தால் S52.501 என்ற ஆறு எழுத்துகளோடு ஏழாவதாக ஓர் எழுத்து சேர வேண்டும். A என்றால் ‘இனிஷியல்’ என்கவுன்டர். D என்றால் ‘சப்ஸீக்வென்ட்’, அதாவது எலும்பு ஒழுங்காகக் கூடிவரும் காலத்து விசிட். வேறு எழுத்துகளும் உண்டு. நான் இடறியது இந்த இரண்டில்தான்.

‘இனிஷியல்’ என்றால் முதல் விசிட் என்றுதானே தோன்றும்? அதுதான் பொறி. டாக்டர் நோயாளியை முதல் முறை பார்க்கிறாரா என்பது கணக்கே இல்லை, முறிவுக்குத் தீவிர சிகிச்சை நடக்கிறதா என்பதே கணக்கு என்று விதிமுறை தெளிவாகவே சொல்கிறது.

ஓர் உதாரணம். பனியில் வழுக்கி விழுந்த ஒரு பெண்மணி எமர்ஜென்சிக்குப் போகிறார். கட்டுப் போடுகிறார்கள்: A. நான்கு நாள் கழித்து எலும்பு டாக்டர் பார்த்து, ஆபரேஷன் தேவை என்று முடிவு செய்கிறார்: இதுவும் A. ஆபரேஷன் நடக்கும் நாளும் A. இரண்டு வாரம் கழித்து எலும்பு கூடுகிறதா என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள்: D. பிறகு அவர் மகன் வீட்டுக்கு டெக்சஸ் போகிறார். அங்கே ஒரு புது டாக்டர், எலும்பு சரியாகக் கூடிவருகிறதா என்று மட்டும் பார்க்கிறார். அவருக்கு இவர் புது நோயாளிதான். ஆனாலும் D.

நானாக இருந்தால் அந்த டெக்சஸ் விசிட்டுக்கு A போட்டிருப்பேன். எங்கள் டாக்டரிடமே இரண்டாம் முறை வந்து, அன்றைக்குத்தான் ஆபரேஷன் முடிவானது என்றால் D போட்டிருப்பேன். இரண்டும் தவறு.

ஏன் தவறினேன்?

கடிதத்தின் உயிரே இந்தக் கேள்விதான் என்று பிறகுதான் புரிந்தது. நான் சென்னையில் வேலை பார்த்தது எமர்ஜென்சி சார்ட்டுகளில். அங்கே வரும் முறிவுகள் அநேகமாக எல்லாமே A. யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இங்கே வந்த பிறகு யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது பக்கத்திலிருந்த வேறொரு விதியை எனக்கே தெரியாமல் கடன் வாங்கிவிட்டேன். விசிட்டுக்கான கட்டணக் கோடில் புது நோயாளிக்கு 99203, பழைய நோயாளிக்கு 99213 என்று பிரிப்போம் இல்லையா? அந்தப் ‘புதுசு, பழசு’ கணக்கை ஏழாவது எழுத்துக்கும் போட்டேன். விதியே தவறாக மனதில் பதிந்திருக்கும்போது, எத்தனை கவனமாக இருந்தாலும் அதே தவறைத்தான் கவனமாகச் செய்வோம்.

மறுநாள் கடிதத்தைத் திருப்பி எழுதினேன். அதன் தமிழ் வடிவம் இது:

> ‘கடந்த மூன்று ஆடிட்டுகளிலும் என் தவறுகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்துள்ளன. கடைசி ஆடிட்டின் 14 தவறுகளில் 11, எலும்பு முறிவுக் கோடின் ஏழாவது எழுத்து. ரிப்போர்ட்டின் வரிசை எண்களை இணைத்துள்ளேன்.
>
> புது நோயாளியா, பழைய நோயாளியா என்பதை வைத்து A, D முடிவு செய்து வந்திருக்கிறேன். சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்திருக்க வேண்டும்.
>
> இந்த ஒரு பகுதியில் மட்டும் எனக்கு மறுபயிற்சி வேண்டும். சீனியர் கோடர் ஒருவருடன் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள், என் தவறான சார்ட்டுகளையே வைத்து. அதன்பின் நான்கு வாரம், என் எலும்பு முறிவு சார்ட்டுகளை கிளெய்ம் போகும் முன் ஒருவர் சரிபார்க்க வேண்டும். முடிவில் 30 சார்ட்டுகளை ஆடிட் செய்து, ஏழாவது எழுத்தில் 95 சதவீதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.
>
> ஏற்கனவே அனுப்பிய கிளெய்ம்களில் திருத்த வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தரத் தயாராக இருக்கிறேன்.’

‘சாரி’ ஒன்று கூட இல்லை. நோயாளியின் பெயர், பிறந்த தேதி எதுவும் இல்லை. ஹிப்பா சட்டம் இருக்கும் ஊரில் வரிசை எண்ணே போதும். ‘எனக்கு ஒரு டவுட்’ என்றும் எழுதவில்லை. நமக்கு அது கேள்வி. அமெரிக்கர் காதில் அது ‘நான் நம்பவில்லை’ என்று விழும். பொதுவான ஆன்லைன் கோர்ஸையும் கேட்கவில்லை. அதில் விதியைச் சொல்வார்கள், பரீட்சையில் நானும் பாஸ் ஆகிவிடுவேன். என் மனதில் இருக்கும் தவறான விதியை யார் வெளியே எடுப்பது?

பதில்

அனுப்பிவிட்டு வயிற்றைக் கலக்கியது. தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டு நானே கையில் கொடுத்துவிட்டேனோ என்று பயம். பிறகு நினைத்துப் பார்த்தேன். ஆடிட் ரிப்போர்ட் ஏற்கனவே அவர்கள் கையில்தானே இருக்கிறது? அதில் இல்லாத ஒன்றே ஒன்று, காரணம். அதைத்தான் நான் சேர்த்திருந்தேன்.

இரண்டு நாளில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். 11 சார்ட்டுகளையும் திறந்து வைத்திருந்தார்.

“இதில் மூன்று உன் தவறு இல்லை” என்றார். “டாக்டர் குறிப்பில் ‘ஃபாலோ-அப்’ என்று மட்டும் இருக்கிறது. அன்றைக்கு என்ன செய்தார் என்றே இல்லை. இதற்குப் பயிற்சி உதவாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் ஊகித்ததுதான் நீ செய்த பிழை.”

இரண்டு அமர்வு கேட்டேன், ஒன்றுதான் கிடைத்தது. நான்கு வாரச் சரிபார்ப்புக்கு ஒப்புக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் சீனியர் கோடர் எனக்கு விதி எதையும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு சார்ட்டிலும், “இன்றைக்கு டாக்டர் முறிவுக்குச் சிகிச்சை செய்கிறாரா, அல்லது ஆறுகிறதா என்று பார்க்கிறாரா?” என்று மட்டும் கேட்டார். எட்டாவது சார்ட்டில் அவர் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டேன்.

முடிவில் பார்த்த 30 சார்ட்டுகளில் ஒன்று தவறு. அதைச் சொன்னதும் தோழி சிரித்தாள்.

“அந்த ஒண்ணு என்னடி?”

“டாக்டர்கிட்ட கேட்காம விட்டது.”

இப்போது என் மேஜையில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது. சீனியர் கோடர் கேட்ட அந்தக் கேள்வி அதில் இருக்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: ‘குறிப்பில் இல்லையென்றால், கேள்.’