நத்தையும் நகர்ந்தது, வெயிலும் நகர்ந்தது

பச்சைக் களிமண்ணில் ஒரு நத்தை. கண்ணுக்கு இரண்டு மிளகு. மேசை மேல் அது பத்து சென்டிமீட்டர் ஊர வேண்டும், நான்கே நொடியில். நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் 48 படம். ஒவ்வொரு படத்துக்கும் நத்தையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, கையை எடுத்து, போனில் ஒரு க்ளிக். படத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் ஒன்றேகால் மணி நேரத்தை நெருங்கிவிடும். அதற்குள் சூரியன் வானத்தில் 18 டிகிரி நகர்ந்துவிடுகிறது!

என் முதல் நத்தை கெட்டது இதனால்தான். ஓட்டிப் பார்த்தால் நத்தை ஒழுங்காகத்தான் ஊர்ந்தது. வெளிச்சம்தான் பழைய டியூப் லைட் மாதிரி துடித்தது. போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாக அளந்து, தானே கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது. கேமராவில் Pro என்ற பகுதி இருந்தால் ISO, ஷட்டர், WB, ஃபோகஸ் நான்கையும் கையால் வைத்து, கடைசிப் படம் வரை தொடாமல் விட வேண்டும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். வெளிச்சமும் ஃபோகஸும் அப்படியே நிற்கும்.

பூட்டிய பிறகு இன்னொரு தொல்லை. இப்போது மேகம் வந்தால் போன் சமாளிக்காது, படம் இருண்டுவிடும். அதனால் முழுக்க மூடிய வானமோ, துடைத்துவிட்ட வானமோ நல்லது. மேகம் வந்து வந்து போகும் நாளில் மண்ணைத் தொடாதீர்கள். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று புத்தகங்கள் சொல்லும். அது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நான் ஜன்னலில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டிவிடுவேன். நிழலின் கூர்மை போய்விடுவதால் அது நகர்வது கண்ணில் படாது. சட்டை மட்டும் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டையில் பட்ட ஒளி நத்தை மேல் விழும். நான் அசைந்தால் அதுவும் அசையும்.

டிரைபாட் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். திரையைத் தொட்டால் போன் ஆடும், வயர் இயர்போனின் வால்யூம் பட்டனை அழுத்திப் படம் எடுக்கலாம்.

மண் விஷயத்தில், குயவர் மண் காய்ந்து வெடிக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எண்ணெய்க் களிமண் காயாது, ஆனால் நம் ஊர் மதியத்தில் இளகித் தலை தொங்கும். அதனால் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டாவது முறை எல்லாம் சரியாக இருந்தது. 31-ஆவது படத்தில் இடது மிளகு உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்தேன், முழங்கை டிரைபாடில் பட்டது. முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் ஆப் இருந்ததால் ஃபிரேமை ஏறக்குறையப் பழையபடி பொருத்திவிட்டேன். ஓட்டினால் அந்த இடத்தில் மேசை லேசாகத் துள்ளும். நத்தை தும்மியதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.